காலையில் சீரம், மொய்ஸ்சரைசர், சன்ஸ்கிறீன்: எது முதலில், எது கடைசியில், ஏன்?

வெள்ளவத்தையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். முகத்துக்குப் பூசும் பொருட்களை வாங்க வருபவர்கள் விலையைக் கேட்பதைவிட வரிசையைத்தான் அதிகம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள். காலையில் எதற்குப் பிறகு எது?

முகம் கழுவுதல், சீரம், தேவையென்றால் மொய்ஸ்சரைசர், அதன்பின் சன்ஸ்கிறீன். பவுடர், ஒப்பனை எல்லாம் அதற்கும் மேலே.

இந்த வரிசைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. சீரத்தில் உள்ள பொருள் தோலுக்குள் போனால்தான் வேலை செய்யும், ஆகவே அதற்கும் தோலுக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. சன்ஸ்கிறீனின் வேலை நேர்மாறானது. அது தோலின் மேற்பரப்பில் இடைவெளியில்லாத மெல்லிய படலமாகத் தங்க வேண்டும், ஆகவே அதன் மேல் எதையும் தேய்க்கக் கூடாது. என் பார்வையில் இரண்டாவது காரணம்தான் பெரியது. சீரத்தின் வரிசை பிசகினால் கொஞ்சம் பணம் வீணாகும். சன்ஸ்கிறீனின் படலம் கிழிந்தால் வெயில் நேராகத் தோலில் விழும்.

நீர்த்தது முதலில், தடித்தது பிறகு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த விதி போதாதா?

பெரும்பாலும் போதும். நீரில் கரைந்த பொருள் எண்ணெய்ப் பசை நிறைந்த ஒரு படையை ஊடுருவித் தோலை அடைவது கடினம். அதனால் நீர்த்த சீரம் கீழேயும் கொழுப்புள்ள கிறீம் மேலேயும் வருவது பொருத்தம்தான்.

ஆனால் இப்போது வரும் பல சன்ஸ்கிறீன்கள் தண்ணீர்போல ஓடுகின்றன. அந்த விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் அப்படிப்பட்ட சன்ஸ்கிறீனைக் கிறீமுக்கு அடியில் பூச வேண்டிவரும். பூசியதும் அடுத்த கிறீமைத் தேய்க்கும் விரல்கள் அதை ஓரிடத்தில் வழித்து இன்னோர் இடத்தில் குவித்துவிடும். ஆகவே பதத்தைப் பார்ப்பதற்கு முன் வேலையைப் பாருங்கள். உள்ளே போக வேண்டியது முதலில், வெளியே நிற்க வேண்டியது கடைசியில்.

என்னிடம் விற்றமின் சி சீரமும் நியாசினமைட் சீரமும் இருக்கின்றன. எது முன்? இரண்டையும் சேர்த்தால் கெட்டுவிடும் என்கிறார்களே?

விற்றமின் சி போத்தலில் இருப்பது அதன் அமில வடிவமான அஸ்கோர்பிக் அமிலம் என்றால் அது முதலில். அந்த அமிலம் தோலுக்குள் இறங்குவதற்குக் கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். 2001இல் ஷெல்டன் பின்னெல் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவரின் குழு பன்றித் தோலில் செய்த ஆய்வு இதைக் காட்டியது. செறிவு 20 சதவீதத்தைத் தாண்டினால் உட்செல்லும் அளவு கூடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 30 சதவீதம் என்று எழுதிய போத்தலுக்கு அதிக விலை கொடுக்க நான் யாரையும் தூண்டுவதில்லை. உள்ளே போன விற்றமின் பாதியாகக் குறைய ஏறத்தாழ நான்கு நாட்கள் ஆனதாகவும் அந்த ஆய்வு சொல்கிறது. ஒரு காலை தவறினால் குடி முழுகாது.

நியாசினமைட் ஏறக்குறைய நடுநிலையான பி.எச். உள்ள சீரம். விற்றமின் சி காய்ந்தபின், அதாவது ஓரிரு நிமிடம் கழித்து அதைப் பூசலாம். அரை மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டும் சேர்ந்தால் பயனற்றுப் போகும் என்ற அச்சம், சாதாரண வெப்பநிலையில் முகத்தில் நடப்பதற்குப் பொருந்தாது. ஆனால் சேர்த்துப் பூசும்போது முகம் எரிந்தால் நியாசினமைட்டை இரவுக்கு மாற்றிவிடுங்கள். அது எந்த நேரத்திலும் வேலை செய்யும். விற்றமின் சிக்குக் காலையில் ஒரு தனிப் பயன் இருக்கிறது: சன்ஸ்கிறீனைத் தாண்டி வரும் கதிர்கள் தோலில் உண்டாக்கும் தீவிர மூலக்கூறுகளில் ஒரு பகுதியை அது தணிக்கிறது.

கொழும்புச் சூட்டில் விற்றமின் சி சீரம் விரைவில் கெடும். நிறமில்லாமல் இருந்தது கடும் தேநீர் நிறத்துக்கு மாறிவிட்டால் அதைப் பூசிப் பலனில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கொஞ்ச நாள் கூடத் தாங்கும்.

இந்தப் புழுக்கத்தில் மொய்ஸ்சரைசர் கட்டாயமா?

கட்டாயமில்லை. சன்ஸ்கிறீனும் நீரும் எண்ணெயும் சேர்ந்த ஒரு குழம்புதான், அதிலேயே ஈரத்தைக் காக்கும் பொருட்கள் இருக்கின்றன. எண்ணெய் வழியும் முகத்துக்குக் காலையில் சீரமும் சன்ஸ்கிறீனும் போதும்.

காலி வீதியில் நடப்பவருக்கும், கோட்டையில் குளிரூட்டிக்கு நேர்கீழே எட்டு மணிநேரம் இருப்பவருக்கும் மட்டும் பதில் ஒன்றாக இருக்காது. குளிரூட்டி அறைக் காற்றின் ஈரத்தைக் குறைத்துவிடும். பதினொரு மணியளவில் கன்னம் இறுகுவதுபோல இருக்கிறதா, வாயோரம் வெள்ளையாகச் செதில் தெரிகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் மெல்லிய மொய்ஸ்சரைசர் ஒன்று வேண்டும், அதுவும் வறளும் இடங்களில் மட்டும். நெற்றிக்கும் மூக்குக்கும் பூசியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை.

நேரம் மிச்சமாகட்டும் என்று மொய்ஸ்சரைசரையும் சன்ஸ்கிறீனையும் உள்ளங்கையில் கலந்து பூசுகிறேன். சரிதானே?

சரியில்லை. முதலாவது, சன்ஸ்கிறீன் ஐதாகிறது. இரண்டாவது, கதிர்களை வடிகட்டும் பொருட்கள் சீராகப் பரவும்படி அந்தக் குழம்பை ஆய்வுகூடத்தில் அமைத்திருக்கிறார்கள். வேறொரு கிறீம் உள்ளே போனால் அந்த அமைப்புக் குலையும். முகத்தில் பார்க்க ஒன்றும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

மொய்ஸ்சரைசரில் எஸ்.பி.எப். 15, சன்ஸ்கிறீனில் 50. இரண்டும் சேர்ந்தால் 65 ஆகுமா?

ஆகாது. கூட்டல் கணக்கு இங்கே செல்லாது, 50ஐ மட்டும் நம்புங்கள்.

இரசாயன சன்ஸ்கிறீன் தோலுக்குள் இறங்க வேண்டும், அதனால் அதை மொய்ஸ்சரைசருக்கு முன்னால் பூசச் சொன்னார் ஒருவர். கனிம வகைதான் கடைசியாம். உண்மையா?

இந்த ஆலோசனை நெடுங்காலமாகச் சுற்றி வருகிறது, சில மருத்துவர்களும் இப்படிச் சொல்வதுண்டு. நான் ஏற்பதில்லை. இரசாயன வடிகட்டிகளும் தோலின் மேற்படையிலும் அதன் மேலுமாகத் தங்கித்தான் கதிரை உறிஞ்சுகின்றன. ஆழமாக இறங்குவது அவற்றின் வேலைக்குத் தேவையும் இல்லை, விரும்பத்தக்கதும் இல்லை. கனிம வகையான துத்தநாக ஒக்சைட்டும் டைட்டேனியம் டையொக்சைட்டும் கண்ணாடிபோலக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன என்ற நம்பிக்கையும் முழுச் சரியல்ல. அவையும் பெரும்பகுதியை உறிஞ்சவே செய்கின்றன. ஆக இரண்டு வகைக்கும் தேவை ஒன்றே: கலையாத படலம். இரண்டையும் கடைசியில் பூசுங்கள்.

சன்ஸ்கிறீன் பூசியதும் முகமெல்லாம் அழிறப்பர்த் துகள்போல உருண்டு உருண்டு வருகிறது. தோல் உரிகிறதா? பொருள் போலியா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. அது நீங்கள் பூசிய பொருட்களின் படலம் சுருண்டு வருவது. அண்மையில் கடைக்கு வந்த ஒரு பெண்ணின் கதையை முழுமையாகச் சொல்கிறேன், காரணம் அதிலேயே தெரியும்.

கோட்டையில் அலுவலகம், ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். முகம் கழுவித் துடைத்ததும் ஹைலூரோனிக் அமிலச் சீரம் ஐந்து துளி, உடனே நியாசினமைட் சீரம் ஐந்து துளி, அதன்மேல் ஜெல் வகை மொய்ஸ்சரைசர், அதன்மேல் வழுவழுப்பான சன்ஸ்கிறீன் ஜெல். எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். தாடையோரத்திலும் நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் துகள் உதிரும். சன்ஸ்கிறீனைத்தான் குறை சொன்னார். ஏற்கெனவே ஒன்றை மாற்றிவிட்டு இரண்டாவதையும் மாற்ற வந்திருந்தார்.

சீரங்களிலும் ஜெல்களிலும் கெட்டித்தன்மைக்காகக் கார்போமர், சாந்தன் பசை போன்றவற்றைச் சேர்ப்பார்கள். நீர் ஆவியானதும் இவை தோலில் மெல்லிய பசைப் படலமாக மிஞ்சும். நான்கு பொருள் பூசினால் நான்கு படலம். அவருடைய சன்ஸ்கிறீனின் பட்டியலில் டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் முன்வரிசையில் இருந்தது. சிலிக்கோன் நீர்ப்பசைப் படலத்தின்மேல் நன்றாக ஒட்டாது. அடிப்படை முழுதாகக் காயாத நிலையில் விரலால் வட்டமாகத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து உருளும். தாடையோரத்திலும் முடியோரத்திலும் அதிகமாவது ஏனென்றால், விரல் மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்கள் அவைதான்.

எது எதோடு ஒத்துப்போகவில்லை என்பதை ஊகிக்கத் தேவையில்லை. விடுமுறை நாளில் முன்கையின் உட்புறத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, தள்ளித் தள்ளி நான்கு இடங்களில் பூசிப் பார்க்கச் சொன்னேன். ஒன்றில் சன்ஸ்கிறீன் மட்டும். மற்ற மூன்றிலும் முறையே ஹைலூரோனிக் சீரம், நியாசினமைட் சீரம், மொய்ஸ்சரைசர், ஒவ்வொன்றின் மேலும் இரண்டு நிமிடம் கழித்துச் சன்ஸ்கிறீன். ஐந்து நிமிடம் விட்டு விரலால் மெதுவாக ஒரு தரம் வருட வேண்டும்.

அடுத்த வாரம் வந்து சொன்னார். சன்ஸ்கிறீன் மட்டும் பூசிய இடம் சுத்தமாக இருந்தது, ஆகவே அது குற்றவாளியல்ல. நியாசினமைட்டின் மேலும் துகள் இல்லை. ஹைலூரோனிக் சீரத்தின் மேல் கொஞ்சம் உருண்டது, மொய்ஸ்சரைசர் ஜெல்லின் மேல் நிறைய உருண்டது. சன்ஸ்கிறீனை மாற்றியிருந்தால் மூன்றாவது தடவையும் காசு கரைந்திருக்கும்.

பிறகு நாங்கள் அமைத்த காலை இது. ஹைலூரோனிக் சீரமும் மொய்ஸ்சரைசரும் இரவுக்குப் போயின. 6.30க்கு முகம் கழுவல், நியாசினமைட் ஐந்து துளிக்குப் பதிலாக இரண்டு மூன்று துளி. அது காயும் நேரத்தில் சேலை அல்லது சட்டை மாற்றல், தலை வாரல். 6.40க்குச் சன்ஸ்கிறீனின் முதல் பாதி, ஐந்து நிமிடம் கழித்து மற்றப் பாதி. இரண்டாம் தடவை தேய்க்காமல் விரல்களால் ஒற்றி ஒற்றிப் பரப்ப வேண்டும். துகள் நின்றுவிட்டது.

பார்வைக்கு அசிங்கம் என்பதோடு விஷயம் முடியவில்லை. கையில் வரும் ஒவ்வொரு துகளிலும் சன்ஸ்கிறீன் இருக்கிறது, அது உருண்ட இடம் மறைப்பில்லாமல் நிற்கிறது. துகள் வந்துவிட்ட முகத்தின் மேலேயே மீண்டும் பூசினால் இன்னும் உருளும். ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, காயவிட்டு, சன்ஸ்கிறீனை மட்டும் பூசிக்கொண்டு வேலைக்குப் போங்கள். அன்றைக்குச் சீரம் இல்லாவிட்டால் பரவாயில்லை.

சன்ஸ்கிறீன் எவ்வளவு பூச வேண்டும்? பட்டாணி அளவு போதாதா?

போதவே போதாது. டப்பாவில் உள்ள எஸ்.பி.எப். எண்ணை அளக்கும்போது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசித்தான் அளக்கிறார்கள். நாம் வீட்டில் பூசுவது வழக்கமாக அதில் பாதி அல்லது அதற்கும் குறைவு. பாதி பூசினால் கிடைக்கும் பாதுகாப்பும் பாதி அளவுக்கு, சில நேரம் அதற்கும் கீழே இறங்கும்.

முகம், காது, கழுத்து எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரு கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை ஒரு கோடு பிழிந்தால் அந்த அளவுக்குக் கிட்ட வரும். ஒரே தடவையில் பூசினால் அப்பிக்கொண்டு நிற்கும், அதனால்தான் இரண்டு பாதியாகப் பூசச் சொல்கிறேன்.

சரியாகப் பூசுகிறீர்களா என்று அறிய ஒரு வழி உண்டு. வாங்கிய தேதியைப் பேனையால் குழாயில் எழுதுங்கள். தினமும் காலையில் மட்டும் பாவித்தால் 50 மில்லிலீற்றர் குழாய் ஆறு வாரத்துக்குள் தீர வேண்டும். நான்கு மாதம் வருகிறது என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுடைய முகத்தில் 50 என்ற எண் இல்லை.

இன்னொன்று இதிலிருந்தே வருகிறது. மிக விலை கூடியதை வாங்கிச் சிக்கனமாகப் பூசுவதைவிட, மனம் நோகாமல் பிழியக்கூடிய விலையில் உள்ளதை வாங்குவது மேல்.

குளித்துவிட்டு வந்ததும் வியர்க்கத் தொடங்கிவிடுகிறது. அந்த வியர்வையின் மேல் பூசலாமா?

வேண்டாம். ஈரமான தோலில் ஹைலூரோனிக் சீரம் பூசலாம், அது நல்லதும்கூட. சன்ஸ்கிறீனுக்கு உலர்ந்த தோல் வேண்டும். வியர்வை கீழிருந்து வந்துகொண்டிருக்கும்போது படலம் பிடிக்காது, திட்டுத் திட்டாக நிற்கும். மின்விசிறிக்கு முன் ஐந்து நிமிடம் நின்று, மென்மையான துணியால் ஒற்றியெடுத்து, பிறகு பூசுங்கள். பூசிய பின் பதினைந்து நிமிடமாவது கழித்து வெளியே இறங்குங்கள். படலம் அமைய அந்த நேரம் தேவை. பஸ்ஸில் வியர்த்தால் கைக்குட்டையால் தேய்க்காமல் ஒற்றுங்கள்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் உண்டு. பூசை முடிந்து திருநீறும் பூசுவேன். இவை எந்த இடத்தில் வரும்?

எண்ணெய்தான் இதில் சிக்கலானது. வடிகட்டிகளில் பல எண்ணெயில் கரைபவை, நெற்றியில் வழியும் எண்ணெய் அந்தப் படலத்தைக் கரைத்து நகர்த்திவிடும். சில நேரம் அது கண்ணுக்குள் இறங்கி எரியவும் செய்யும். முடிந்தால் இரவில் எண்ணெய் வையுங்கள். காலையில் வைத்தே ஆக வேண்டுமென்றால், எண்ணெய் வைத்து, முடியோரத்தைத் துடைத்துவிட்டு, பிறகு முகத்துக்கு வாருங்கள்.

திருநீறும் பொட்டும் சன்ஸ்கிறீன் நன்றாகக் காய்ந்த பின். நீரில் குழைத்து மூன்று விரலால் இழுப்பதைவிட, உலர்ந்த திருநீற்றை மெதுவாக இட்டால் படலம் அதிகம் கலையாது. பூசைக்குப் பிறகுதான் முகத்தைக் கவனிக்கிறீர்கள் என்றால் நெற்றியில் திருநீறு இருக்கும் இடத்தை விட்டுச் சுற்றிப் பூசுங்கள். அதற்காக அதை அழிக்கச் சொல்ல மாட்டேன்.

ஏழு மணிக்கு வெயிலே இல்லையே. காலையில் பூசியது மதியம் வரை நிற்குமா? லுஹர் தொழுகைக்கு வுழூ செய்தால்?

ஏழு மணிக்குப் புறஊதாக் கதிர் குறைவுதான். ஆனால் கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மதியச் சூரியன் தலைக்கு நேர்மேலே வரும். அந்த நாட்களின் நண்பகலில் புறஊதாச் சுட்டெண் உலகச் சுகாதார அமைப்பின் உச்சப் பிரிவான 11ஐத் தாண்டுவது இங்கே வழமை. மேகம் மூடியிருப்பதும் முழு மறைப்பல்ல.

காலையில் பூசிய படலம் வியர்வையாலும் முகத்தெண்ணெயாலும் கை பட்டும் மெல்லக் குலையும். வெளியில் இருப்பவர்கள் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். யன்னலுக்குத் தள்ளி உள்ளே வேலை செய்பவர் மதிய உணவுக்கு வெளியே போகும் முன் ஒரு தடவை பூசினால் போதும்.

வுழூவில் முகமும் கைகளும் கழுவப்படுகின்றன, துண்டால் துடைத்தால் மிச்சமும் போய்விடும். அதைப் புதுப்பிக்கும் நேரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தொழுகை முடிந்து, முகம் உலர்ந்ததும், சீரமும் இல்லாமல் மொய்ஸ்சரைசரும் இல்லாமல் சன்ஸ்கிறீன் மட்டும். கழுவிய முகத்தில் பூசுவதால் அது பவுடருக்கு மேல் பூசுவதைவிட நன்றாகவே அமையும்.

தோல் டொக்டர் பருவுக்கு ஒரு களிம்பு தந்திருக்கிறார். அது இந்த வரிசையில் எங்கே?

முதலில் காலைக்கா இரவுக்கா என்று சீட்டைப் பாருங்கள். அடப்பலீன் போன்ற ரெட்டினொயிட் களிம்புகளை இரவுக்கே எழுதுவார்கள். அவை காலை வரிசைக்குள் வருவதே இல்லை. காலையில் பூசும்படி எழுதியிருந்தால் கழுவி உலர்ந்த தோலில் அதுவே முதலில், சீரத்துக்கும் முன்னால். அந்த நாட்களில் விற்றமின் சியை நிறுத்திவையுங்கள், இரண்டும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டக்கூடும். முகம் சிவந்து உரிந்தால் சன்ஸ்கிறீனை நிறுத்திவிட்டு மருந்தைத் தொடர்வார்கள் சிலர். அது தலைகீழ். சீரங்களை நிறுத்துங்கள், சன்ஸ்கிறீனைத் தொடருங்கள், மருந்தைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள்.